கொப்பளத்தைப் பார்த்தார், மீட்டரைத் தொடவில்லை

மாவைக் கலந்து டின்னில் ஊற்றிவிட்டு ஓவனைத் திறந்தால், உள்ளே மார்கழி மாதக் காலை. 20 நிமிடமாக 180 டிகிரிக்குச் சூடேறிக்கொண்டிருக்கிறது என்று நான் நம்பியிருந்த ஓவன்! சிவப்பு விளக்கு மட்டும் வெட்கமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. மாலைக்குள் தர வேண்டிய பிறந்தநாள் கேக். மாவு அப்படியே குப்பைக்குப் போனது.

சர்வீஸுக்குச் சொன்னேன். மறுநாள் வந்த தம்பி கதவைத் திறந்து, கீழ் ராடில் மிளகு அளவுக்கு எழும்பியிருந்த கொப்பளத்தைக் காட்டினார். "பாத்தீங்களாக்கா, காயில் போயிடுச்சு." கீழ் ராடு இரண்டையும் மாற்றினார். ராடுக்கு 850, வந்து போனதற்கு 350. ஓவனைப் போட்டால் அதே மார்கழி. உடனே அடுத்த யோசனை: "உள்ள பியூஸ் போயிருக்கும்க்கா, டைரக்ட் குடுத்துடலாம்." அதாவது, ஓவன் அளவுக்கு மீறிச் சூடானால் கரண்டை வெட்டவென்றே வைத்திருக்கும் பியூஸைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டு ஒயர்! என் சமையலறையில், மரத்தட்டில் நிற்கும் ஓவனில்! வேண்டாம் தம்பி, நீங்கள் கிளம்புங்கள் என்றேன்.

எனக்கு ஆத்திரம் எதிலென்றால், அவர் பையில் டெஸ்டர் இருந்தது, ஸ்குரூடிரைவர் இருந்தது, மல்டிமீட்டர் மட்டும் இல்லை. சரி, மீட்டர்தான் இல்லை, யோசிக்கவுமா கூடாது? கீழ் ராடு போனால் கீழ்ச் சூடுதானே போகும்? மேலே இருக்கிற இரண்டு ராடும் எதற்காகச் சேர்ந்து சாக வேண்டும்? எதுவுமே சூடாகவில்லை என்றால், எல்லா ராடுக்கும் பொதுவான வழியில் எங்கோ அறுந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வீட்டுக்காரரின் மீட்டரை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். தம்பி கழற்றிப் போட்ட பழைய ராடுகளை முதலில் அளந்தேன். எங்கள் ஓவன் 1500 வாட். மேலே இரண்டு, கீழே இரண்டு, ஒவ்வொரு ஜோடியும் தொடராக இணைத்தது. கணக்குப்படி ஒரு ராடுக்குச் சுமார் 35 ஓம் வர வேண்டும். இரண்டிலும் வந்தது, கொப்பளம் போட்டதிலும்தான். ஆனால் ராடின் முனைக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே வைத்தபோது, நல்ல ராடில் மீட்டர் எதுவும் காட்டவில்லை, கொப்பள ராடில் 40 கிலோ ஓம் காட்டியது. உள்ளே கம்பியைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பொடி கெட்டு, கரண்ட் ஓவனின் உடம்புக்குக் கசிகிறது. ஆக, அதை மாற்றியது சரிதான். நியாயத்தைச் சொல்லத்தானே வேண்டும். ஆனால் ஓவன் நின்றதற்குக் காரணம் அது இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு (சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது) வலப்பக்கத் தகட்டைக் கழற்றினேன். தெர்மல் பியூஸ் ஒயருக்கு நடுவே வெள்ளை உறைக்குள் ஒளிந்திருந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளிக் குழல். நன்றாக இருந்தால் மீட்டர் சுழியத்தை ஒட்டிக் காட்டும். இது வாயே திறக்கவில்லை. ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான், ரீசெட் பட்டன் எல்லாம் இதற்குக் கிடையாது. சிவப்பு விளக்குக்கான ஒயர் பியூஸுக்கு முன்பே பிரிந்து போகிறது, அதனால்தான் அது பாட்டுக்கு எரிந்தது.

சரி, பியூஸ் ஏன் போனது? தம்பி கேட்காத கேள்வி. பியூஸை ஒட்டி மேலே செலக்டர் சுவிட்ச். அதில் ஒரு முனை மட்டும் பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகி வளைந்திருந்தது. ஒவ்வொரு நிலையாகத் திருப்பி அளந்தேன். கீழ்ச் சூட்டுக்கு 0.3 ஓம், அது மீட்டர் ஒயரின் கணக்கு. மேலும் கீழும் சேர்ந்த நிலையில் 2 ஓம், அதுவும் குமிழை ஆட்டினால் ஏறி இறங்குகிறது. இரண்டு ஓம்தானே என்று நினைக்காதீர்கள். ஆறு ஆம்பியருக்கு மேல் ஓடும்போது அந்த ஒரு புள்ளியிலேயே 75 வாட் அளவுக்குச் சூடு. பழைய குண்டு பல்பு ஒன்றைப் பியூஸ் பக்கத்தில் ஏற்றிவைத்த மாதிரி. அது வேகாமல் என்ன செய்யும்? நேற்று டைரக்ட் கொடுத்திருந்தால், அந்த 75 வாட் அங்கேயே வெந்துகொண்டிருக்க, தடுக்க ஒன்றும் இருந்திருக்காது.

பழைய பியூஸில் அச்சிட்டிருந்த அதே ஆம்பியர், அதே டிகிரியில் புதுசு 30 ரூபாய். செலக்டர் சுவிட்ச் 180. பியூஸைப் பற்றவைக்கவில்லை, பற்றவைக்கும் சூட்டிலேயே அது போய்விடும் என்பதால் நசுக்கும் இணைப்புப் போட்டேன். தளர்ந்திருந்த முனையையும் மாற்றினேன். தகட்டை மூடி, குமிழ்களை எல்லாம் திருப்பிவைத்து, பிளக்கின் இரண்டு பின்னிலும் மீட்டரை வைத்தால் 35 ஓம். கரண்ட் கொடுத்தேன், பத்தே நிமிடத்தில் கண்ணாடி சுட்டது.

இன்று காலை போன் வருகிறது. "மேடம், எங்க சர்வீஸுக்கு அஞ்சு ஸ்டார் போட்டுடுங்களேன்."