பிரிவு 9-க்கு எதிராக ஒரு வரி

2025 மே 5 அன்று ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம், ஐக்கிய அரபு அமீரகத்தின் மீது சூடான் தொடுத்த வழக்கைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. வழக்கு தாக்கலானது மார்ச் 5. சரியாக இரண்டு மாதத்தில் கதை முடிந்தது. உடனே ஒரு பக்கம் "அமீரகம் நிரபராதி என்று தீர்ப்பாகிவிட்டது" என்றார்கள். இன்னொரு பக்கம் "நீதிமன்றம் பணக்கார நாட்டுக்குப் பணிந்துவிட்டது" என்றார்கள். அந்த உத்தரவு இரண்டையும் சொல்லவில்லை. ஆனால் அது சொன்ன விஷயத்தில் எனக்குச் சண்டை உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

சூடானின் குற்றச்சாட்டு இது: தன் நாட்டின் மேற்கு டார்ஃபூர் பகுதியில் மசாலித் இன மக்களைக் குறிவைத்துக் கொன்ற ஆர்.எஸ்.எஃப் என்ற ஆயுதக் குழுவுக்கு அமீரகம் உதவியது, ஆகவே 1948-ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை அது மீறியிருக்கிறது. அமீரகம் இதை முழுக்க மறுத்தது. யார் சொல்வது உண்மை என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை. காரணம் அமீரகம் 2005-ல் எழுதிக்கொடுத்த ஒற்றை வாக்கியம்.

ஒரு நாடு ஒப்பந்தத்தில் சேரும்போதே "எல்லாம் சம்மதம், ஆனால் இந்த ஒரு பிரிவு என்னைக் கட்டாது" என்று எழுதிக்கொடுக்கலாம். சர்வதேசச் சட்டத்தில் இதற்கு ரிசர்வேஷன் என்று பெயர். நான் விலக்குக் குறிப்பு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அமீரகம் விலக்கிக்கொண்டது பிரிவு 9-ஐ. அந்தப் பிரிவு என்ன சொல்கிறது? உடன்படிக்கையின் பொருள் குறித்தோ அமலாக்கம் குறித்தோ தகராறு வந்தால், எந்தத் தரப்பும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம். இனப்படுகொலைக்கு ஒரு அரசு பொறுப்பா என்ற தகராறும் அதில் அடக்கம். இந்தக் கடைசித் துண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

சர்வதேச நீதிமன்றம் நம் ஊர் நீதிமன்றம் மாதிரி இல்லை. இரண்டு நாடுகளும் ஏதோ ஒரு விதத்தில் முன்கூட்டியே சம்மதித்திருந்தால்தான் அது வழக்கை எடுக்க முடியும். சூடான் காட்டிய ஒரே சம்மதம் பிரிவு 9. அதைத்தான் அமீரகம் விலக்கியிருந்தது. இடைக்கால உத்தரவு வேண்டும் என்ற கோரிக்கையை 14-க்கு 2 என்ற கணக்கில் நிராகரித்தார்கள். வழக்கையே பட்டியலிலிருந்து நீக்கியது 9-க்கு 7. அந்த இரண்டாவது எண்ணிக்கையைப் பலர் கவனிக்கவில்லை.

இங்கே ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. அமீரகம் சேர்ந்தபோது சூடான் ஏற்கெனவே உறுப்பு நாடு (2003-லேயே சேர்ந்துவிட்டது), அப்போதே ஆட்சேபம் தெரிவித்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது அழுதால் எப்படி என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி, ஒரு விலக்குக் குறிப்பு அறிவிக்கப்பட்ட 12 மாதத்துக்குள் ஆட்சேபிக்காத நாடு அதை ஏற்றுக்கொண்டதாகத்தான் கருதப்படும்.

ஆனால் ஆட்சேபித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அதே வியன்னா உடன்படிக்கையின் பிரிவு 21 சொல்கிறது: ஆட்சேபித்த நாட்டுக்கும் குறிப்பு எழுதிய நாட்டுக்கும் இடையே, அந்தக் குறிப்பு தொடும் பிரிவு அந்தக் குறிப்பின் அளவுக்குச் செல்லாது. அமீரகம் "பிரிவு 9 எனக்கு வேண்டாம்" என்கிறது. சூடான் "உன் குறிப்பை ஏற்கமாட்டேன்" என்கிறது. விளைவு? இருவருக்கும் இடையே பிரிவு 9 கிடையாது. அதாவது அமீரகம் கேட்டதே கிடைக்கிறது.

சரி, இன்னும் கடுமையாகப் போகலாம் என்று வைத்துக்கொள்வோம். நெதர்லாந்து 1966-ல் அப்படித்தான் செய்தது. பிரிவு 9-ஐ விலக்கிய நாடுகளை இந்த உடன்படிக்கையின் உறுப்பினராகவே கருதமாட்டேன் என்றது. கொள்கை அளவில் கம்பீரமான நிலைப்பாடு. ஆனால் உறுப்பினரே இல்லை என்றால் இருவருக்கும் இடையே உடன்படிக்கையே இல்லை, அப்புறம் எந்தப் பிரிவை வைத்து வழக்குப் போடுவது? பேசாமல் இருந்தாலும், ஆட்சேபித்தாலும், உறவையே முறித்தாலும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். சூடானின் மௌனத்தைக் குறை சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மிச்சம் இருப்பது ஒரே வழி: அந்தக் குறிப்பே செல்லாது என்று காட்டுவது. ஒப்பந்தத்தின் அடிப்படை நோக்கத்தோடு மோதும் விலக்குக் குறிப்புக்கு இடமில்லை. இந்த அளவுகோல் பிறந்ததே இதே இனப்படுகொலை உடன்படிக்கையில்தான். 1951-ல் ஐ.நா. பொதுச்சபை கேட்ட கேள்விக்குச் சர்வதேச நீதிமன்றம் 7-க்கு 5 என்ற கணக்கில் கொடுத்த கருத்து அது. அதுவரை, மற்ற எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டால்தான் ஒரு குறிப்பு செல்லும் என்ற பழைய விதியே பெரும்பாலும் நடைமுறையில் இருந்தது. அப்போதைய தகராறும் சோவியத் அணி நாடுகள் பிரிவு 9-க்கு எழுதிய குறிப்புகளைச் சுற்றித்தான். முடிந்தவரை எல்லா நாடுகளையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்பதற்காக நீதிமன்றம் விதியைத் தளர்த்தியது. அந்தத் தளர்வுக்கான விலையைத்தான் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சூடான் இந்த வழியைத்தான் பிடித்தது. நீதிமன்றம் மறுத்துவிட்டது. பிரிவு 9 தகராறு தீர்க்கும் முறையைப் பற்றியது, இனப்படுகொலை செய்யாதே, தடு, தண்டி என்ற கடமைகளை அந்தக் குறிப்பு தொடவில்லை, ஆகவே நோக்கத்தோடு மோதல் இல்லை என்பது அதன் காரணம். இது புதிதும் அல்ல. 2006-ல் காங்கோ ஜனநாயகக் குடியரசு ருவாண்டா மீது தொடுத்த வழக்கில் சொன்னதுதான். இனப்படுகொலைத் தடை எந்த நாடும் மீறக்கூடாத உச்ச விதி என்று அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. ஆனால் விதி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதனால் மட்டும் நீதிமன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் வந்துவிடாது என்று முடித்தது.

ருவாண்டா வழக்கில் இன்னொரு சுவாரஸ்யம். 1995-லேயே ருவாண்டா உள்நாட்டில் ஒரு ஆணை பிறப்பித்து இந்த மாதிரி விலக்குக் குறிப்புகளை எல்லாம் திரும்பப் பெற்றுவிட்டது என்று காங்கோ வாதிட்டது. நீதிமன்றம் கேட்டது: ஐ.நா. பொதுச்செயலாளருக்கு அறிவிக்கப்பட்டதா? இல்லை. அப்படியானால் குறிப்பு அப்படியே இருக்கிறது. உள்நாட்டு அரசிதழில் என்ன அச்சாகியிருந்தாலும் மற்ற நாடுகளுக்குத் தெரிவிக்காதவரை அது நடக்காத மாதிரிதான். ருவாண்டா முறைப்படி அறிவித்துத் திரும்பப் பெற்றது 2008-ல்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். "முறை வேறு, கடமை வேறு" என்ற பிரிப்பு சாதாரண ஒப்பந்தத்துக்குப் பொருந்தும். மீன்பிடி ஒப்பந்தத்தில் தகராறுப் பிரிவை விலக்கினால் மீன்பிடி விதிகள் அப்படியே இருக்கும். இனப்படுகொலை உடன்படிக்கை அப்படிப்பட்டது இல்லை. அதை வரிசையாகப் படித்துப் பாருங்கள். தனிமனிதர்களை எப்படித் தண்டிப்பது என்பதுதான் பெரும்பகுதி. குற்றவாளி அரசனாக இருந்தாலும் அதிகாரியாக இருந்தாலும் தண்டனை, எந்த நீதிமன்றத்தில் விசாரணை, நாடு கடத்துவது எப்படி, இதெல்லாம்தான். இனப்படுகொலைக்கு ஒரு அரசின் பொறுப்பு என்ற பேச்சை வெளிப்படையாக எடுப்பது பிரிவு 9 மட்டுமே.

2007-ல், செர்பியா மீது போஸ்னியா தொடுத்த வழக்கில், அரசே இனப்படுகொலை செய்யக்கூடாது என்ற கடமை இந்த உடன்படிக்கையில் இருக்கிறதா என்ற கேள்வி எழுந்தது. எழுத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. பிரிவு 1-லிருந்து நீதிமன்றம் அதை வருவித்தது, அதற்குத் துணையாகக் காட்டியது பிரிவு 9-ஐத்தான். அந்தத் தீர்ப்பில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரில் செர்பியா இனப்படுகொலை செய்தது என்று முடிவாகவில்லை. ஆனால் தடுக்கத் தவறியது, தண்டிக்கத் தவறியது என்று முடிவானது. தடுக்கும் கடமைக்கு, கொலை செய்யும் குழுவைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை, அதன் மீது செல்வாக்குச் செலுத்தும் திறன் இருந்தாலே போதும் என்றார்கள். சூடான் வழக்கு உள்ளே போயிருந்தால் அமீரகத்துக்கு நேராக நீண்டிருக்கும் கேள்வி இதுதான்.

ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டியும் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. தகராறு தீர்க்கும் பிரிவுக்கு விலக்குக் குறிப்பு எழுதுவது பொதுவாகத் தவறில்லை, ஆனால் அந்தப் பிரிவு ஒப்பந்தத்தின் உயிர்நாடியைச் சேர்ந்தது என்றால் தவறு என்கிறது. பிரிவு 9 அந்த வகையா? 2006-ல் ஐந்து நீதிபதிகள் தனியாக எழுதிய கருத்தில், இந்தக் கேள்வியை நீதிமன்றம் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த ஐவரில் ஒருவரான புரூனோ சிம்மா, 2025-ல் சூடான் நியமித்த தற்காலிக நீதிபதியாக அதே அமர்வில் உட்கார்ந்திருந்தார்.

காங்கோ வழக்கிலும் 2002-ல் இடைக்கால உத்தரவு மறுக்கப்பட்டது. ஆனால் வழக்கைப் பட்டியலில் வைத்திருந்தார்கள், நான்கு ஆண்டு கழித்து முழு வாதம் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். காங்கோ வேறு பல ஒப்பந்தங்களையும் காட்டியிருந்தது, சூடானிடம் இது ஒன்றுதான் இருந்தது என்ற வேறுபாட்டை மறைக்க விரும்பவில்லை. 1999-ல் ஸ்பெயின் மீதும் அமெரிக்கா மீதும் யூகோஸ்லாவியா தொடுத்த வழக்குகள் இதே போல உடனடியாக நீக்கப்பட்டன என்பதும் உண்மை. இருந்தாலும் ஐந்து நீதிபதிகள் கேள்விக்குறி போட்ட பிறகு, எழுத்துவாதமே வாங்காமல் ஒருநாள் விசாரணையோடு கதவைச் சாத்தியது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அமீரகம் கடைசியில் ஜெயித்திருக்கலாம். காரணங்களோடு ஜெயித்திருக்க வேண்டும்.

"அப்படியானால் அமீரகத்துக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு உத்தரவே பதில் சொல்கிறது. நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் கடமைகளை நிறைவேற்றியாக வேண்டும், தன் கணக்கில் சேரும் சட்டமீறலுக்கு அந்த நாடே பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. செயல் அரசின் கணக்கில் சேர வேண்டும், அது ஒரு கடமையை மீறியிருக்க வேண்டும். அரசுப் பொறுப்பு எழுவதற்கு இந்த இரண்டும் போதும், நீதிமன்றம் தேவையில்லை. அதை நிலைநாட்ட இடம்தான் இல்லை.

இந்தியாவும் இந்த வரிசையில் இருக்கிறது. 1959-ல் சேர்ந்தபோது, பிரிவு 9-ன் கீழ் எந்த வழக்கும் சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பும் ஒவ்வொரு முறையும் சம்மதித்தால்தான் என்று எழுதிக்கொடுத்தது. வங்கதேசமும் அதே மாதிரிதான். அதனால்தான் ரோஹிங்கியா விவகாரத்தில் மியான்மரை வழக்குக்கு இழுத்தது, லட்சக்கணக்கான அகதிகளைத் தாங்கிய வங்கதேசம் இல்லை, எங்கோ மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் காம்பியா. விலக்குக் குறிப்பு இரண்டு பக்கமும் வெட்டும்: எழுதிய நாடும் அந்தப் பிரிவை வைத்து யார் மீதும் வழக்குப் போட முடியாது. வங்கதேசமே போட முடியாத வழக்கை நீ எப்படிப் போடலாம் என்று மியான்மர் கேட்டது. வங்கதேசத்தின் குறிப்பு வங்கதேசத்தோடு முடிந்தது, காம்பியாவைக் கட்டாது என்று 2022 ஜூலையில் நீதிமன்றம் பதில் சொன்னது. மியான்மரின் சொந்தக் குறிப்பு பிரிவு 8-ஐத் தொட்டதே தவிர 9-ஐத் தொடவில்லை. அந்த வழக்கு உள்ளே போக முடிந்ததற்குக் காரணம், மியான்மர் 1956-ல் சேர்ந்தபோது பிரிவு 9-க்கு அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதுதான்.