பட்டியல் ஒன்று என்றால் பாட்டிலும் ஒன்றா?

நேற்று முதல் சுற்றிவரும் அந்த ஒப்பீட்டுப் படத்தை என் உள்பெட்டிக்கு அனுப்பி, "இனியாவது ஒப்புக்கொள்ளுங்கள்" என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். முகத்தில் பூசும் இரண்டு வைட்டமின் சி சீரங்களின் மூலப்பொருள் பட்டியல்களை அருகருகே வைத்து, ஒரே பெயர்களை வட்டமிட்டு, விலை குறைந்தது அச்சு அசல் 'டூப்' என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. பட்டியல் பெயர்களைச் சொல்லும், அளவைச் சொல்லாது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான பொருள்களை எந்த வரிசையிலும் எழுத விதியே இடமளிக்கிறது.

படத்தில் இருந்த விலை உயர்ந்த ஸ்கின்சூட்டிகல்ஸ் சீரத்தில் 15% அஸ்கார்பிக் அமிலம் என்ற வைட்டமின் சி, 1% வைட்டமின் ஈ, 0.5% ஃபெரூலிக் அமிலம் உள்ளன. ஆனால் இந்த எண்கள் பாதிக் கதைதான். அஸ்கார்பிக் அமிலம் மின்னேற்றம் இல்லாத வடிவில் இருந்தால்தான் தோலுக்குள் நன்றாக இறங்கும். அதற்குக் கரைசல் நல்ல அமிலத்தன்மையோடு, அதாவது பிஹெச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று டியூக் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் பின்னல் குழு 2001-லேயே காட்டியது. வைட்டமின் சி, ஈ கரைசலோடு ஃபெரூலிக் அமிலம் சேரும்போது பன்றித் தோலில் வெயில் பாதுகாப்பு நான்கு மடங்கிலிருந்து எட்டு மடங்கானதை அவர்களின் 2005 ஆய்வு பதிவுசெய்தது. பிஹெச் எவ்வளவு என்பதைப் பட்டியலைப் படித்து அறிய முடியாது.

நானும் ஏமாந்தவள்தான். சென்ற ஆண்டு, பெயர் வேண்டாம், "அதே 15%" என்ற ஒரு சீரத்தை மகிழ்ச்சியோடு வாங்கினேன். ஐந்தே வாரத்தில் அது கெட்டுப்போய் டிகாக்ஷன் நிறத்துக்கு மாறித் தலையணை உறையிலும் கறை வைத்தது. பிஹெச் தாளை நனைத்தேன். ஏறக்குறைய 5 காட்டியது. தாள் துல்லியமான கருவி அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் 3-க்கும் 5-க்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டிவிடும். எரிச்சலே இல்லாத மென்மையான சீரம் என்று நான் பாராட்டியதும் இதனால்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

"அப்படியானால் ஏழைகள் சீரம் பூசக் கூடாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் எப்போது அப்படிச் சொன்னேன்? என் நியாசினமைடு சீரம் விலை குறைந்ததுதான், ஏனெனில் நியாசினமைடு நிலையான பொருள், நடுநிலைப் பிஹெச்சிலேயே வேலை செய்யும், அங்கே அதிக விலை கொடுப்பது வீண். வைட்டமின் சியிலும் பிஹெச்சை வெளிப்படையாகச் சொல்லி, ஒளியும் காற்றும் புகாத பாட்டிலில் தரும் மலிவான சீரம் இருந்தால் முதல் ஆளாக வாங்குவேன். எத்தில் அஸ்கார்பிக் அமிலத்தைப் போட்டுவிட்டு முகப்பில் 'வைட்டமின் சி' என்று எழுதியதை மட்டும் டூப் என்று என்னிடம் நீட்டாதீர்கள். அது வேறு மூலக்கூறு.

"காசுத் திமிர்" என்று எழுதியவர், பத்தாண்டுகளாக நான் பேருந்தில் வேலைக்குப் போவதை அறிந்த தோழி. அந்தப் பழுப்புப் பாட்டில் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, பணம் போட்டதைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராததால்.