லேசான டிஸ்லெக்ஸியா: பள்ளியிலிருந்து நிறுத்துவதற்கு முன்னால்

டிஸ்லெக்ஸியா என்ற கற்றல் குறைபாட்டால் வாசிக்கத் திணறும் குழந்தைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. "பள்ளியை விட்டு நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். லேசான சிரமம் என்றால் வேண்டாம் என்பதே என் கருத்து.

சமீபத்தில் வந்த நான்காம் வகுப்புப் பையனைச் சொல்கிறேன். நீர்ச் சுழற்சியைப் பற்றி வாயால் கேட்டால் அழகாக விளக்குவான். தாளில் எழுதச் சொன்னால் இரண்டு வரிதான். 'கொடி'யை ஒருமுறை 'கெடி' என்பான், ஒருமுறை 'காடி' என்பான். 'கொ'வில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் ஒலி. அவன் கண்ணில் ஏதோ ஒன்றுதான் பட்டது. பழகிய பாடத்தைத் தடையில்லாமல் படிப்பான், அது மனப்பாடம். பொருளில்லாத சொற்களைக் கொடுத்ததும் சிக்கல் வெளியே வந்துவிட்டது.

இதற்குத் தேவை ஒரு நாளில் முக்கால் மணி நேரம்தான். முதலில் ஒற்றைக் கொம்பு மட்டும். மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லி, பத்துச் சொற்கள் வாசித்து, அதில் ஐந்தைச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அது தடுமாறாமல் வந்த பிறகு இரட்டைக் கொம்பு, அப்புறம்தான் கொம்பும் காலும் சேர்ந்தவை. மெதுவாகத்தான் போகும், மாதக்கணக்கில் ஆகும். இந்த முக்கால் மணிக்காக நாள் முழுக்கப் பள்ளியை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அறிவியலும் கணக்கும் அவனுக்கு நன்றாக வருகின்றன, நண்பர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். வீட்டிலோ அம்மாவே எல்லாப் பாடத்துக்கும் டீச்சர் ஆகிவிடுகிறார். வாசிப்பில் தொடங்கும் சண்டை சாப்பாட்டு வேளை வரை நீள்கிறது. இதை நிறையக் குடும்பங்களில் பார்த்துவிட்டேன்.

பள்ளியிடம் கேட்டு வாங்க வேண்டியவையும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. அதற்கான சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகுதான் தருவார்கள், பதினான்கிலும் பதினெட்டிலும் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். அது கையில் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு போன்றவற்றைக் கேட்கலாம். வகுப்பில், எல்லார் முன்னாலும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லாதீர்கள், கேள்வியைப் படித்துக் காட்டுங்கள் என்று இப்போதே எழுத்தில் கொடுங்கள்.

சில பள்ளிகள் எதற்குமே இறங்கி வருவதில்லை. ஞாயிறு இரவானால் பிள்ளைக்கு வயிற்றுவலி வருகிறது, தெரிந்த பதிலைக்கூடச் சொல்ல மறுக்கிறான் என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் வேறு பள்ளி தேடுங்கள். அக்கம்பக்கத்தில் எதுவும் அமையாவிட்டால்தான் வீட்டுக்கல்வி. அப்போதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பதினான்கு வயது நிறைந்த பிறகு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஐந்து பாடங்கள் போதும், அவற்றில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கொம்பையும் காலையும் அங்கே யாரும் உட்கார்ந்து சொல்லித்தர மாட்டார்கள். அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, பிறகு டி.சி. வாங்குங்கள்.