பெயிண்ட் கோலத்தை எப்படி நிறுத்துவீர்கள்?

கடலூரில் இப்போது புது வீடு கட்டுகிறவர்கள் வாசலுக்கு டைல்ஸ் ஒட்டும்போதே வெள்ளைப் பெயிண்டில் ஒரு படிக்கோலமும் சுற்றிக் காவி பார்டரும் போட்டுவிடுகிறார்கள். பெயிண்ட் வேண்டாம் என்பவர்களுக்குக் கடையில் ஸ்டிக்கர் கிடைக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள், குனிய முடியாதவர்கள், காலை ஷிப்டுக்கு சிப்காட்டுக்கு ஓடுகிறவர்கள் எல்லாருக்கும் சௌகரியம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை வேறு. அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்தக் கோலத்தை என்ன செய்வீர்கள்?

இது வேலை மெனக்கெட்டு யோசித்த கேள்வி இல்லை. எங்கள் தெருவில் நடந்தது. ஒரு பெரியவர் விடியற்காலையில் தவறிவிட்டார். வீடு கட்டி அதிக நாள் ஆகவில்லை, வாசல்படிக்குக் கீழே கறுப்பு டைல்ஸில் பளிச்சென்று பெயிண்ட் கோலம். தகவல் தெரிந்து நாங்கள் போனபோது அந்த வீட்டு மருமகள் அழுதுகொண்டே ஒரு கோணிச்சாக்கை எடுத்து வந்து அதன்மேல் விரித்தாள். ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்தவர்களின் காலில் சாக்கு சுருண்டு நகர்ந்தது. பெட்டி விழாமல் இருந்ததே பெரிது. உடனே சாக்கை எடுத்துவிட்டு, ஒரு பெரியம்மா சாணத்தைக் கெட்டியாகக் கரைத்து மெழுகினார். மண் தரையில் சாணம் பிடிக்கும், வழுவழு டைல்ஸில் எப்படிப் பிடிக்கும்? பத்து மணி வெயிலுக்குள் காய்ந்து, செதில் செதிலாகப் பெயர்ந்து, அடியிலிருந்து தாமரை இதழ் இதழாக வெளியே வந்தது. விழுப்புரத்திலிருந்து வந்த பெரிய மகள் ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக அந்தக் கோலத்தைத்தான் பார்த்தாள். "எங்கப்பா உள்ள கெடக்கறாரு, வாசல்ல கோலமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். யார் என்ன பதில் சொல்வது? எல்லாருக்கும் தெரியும் அது பெயிண்ட் என்று. அவளுக்கும் தெரியும். ஆனாலும் பார்க்க முடியவில்லை.

வெளியூர் நண்பர்களுக்காக எங்கள் பக்கத்து வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாவு நடந்த வீட்டில் அன்று காலை கோலம் கிடையாது. அந்தத் தெருவில் மற்ற வீடுகளிலும் பிணம் எடுக்கும்வரை போட மாட்டார்கள். காலையில் எல்லாரும் கோலம் போட்டு முடித்தபிறகு, பதினோரு மணிக்கு ஒரு சாவு என்றால்? வீட்டுக்கு வீடு ஒரு குடம் தண்ணீரை எடுத்து வந்து ஊற்றி, விளக்குமாறால் ரெண்டு இழு இழுத்துவிடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முதல் வீட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டாலே அடுத்த வீட்டுக்காரி "யாரு?" என்று கேட்டபடி குடத்தோடு வெளியே வருவாள். பிணம் எடுத்தபிறகு சாவு வீட்டைக் கழுவிவிட்டு விளக்கேற்றுவார்கள், வாசலில் வெறும் தண்ணீர்தான் தெளிப்பார்கள். மறுநாள் காலை தெரு பழையபடி கோலத்தோடு இருக்கும், அந்த ஒரு வீடும் பங்காளி வீடுகளும் மட்டும் மொட்டையாக இருக்கும். காரியம் முடிந்து, புண்ணியதானம் செய்து, வீடு முழுக்கத் தண்ணீர் தெளித்தபிறகுதான் அங்கே மறுபடி கோலம். அது எத்தனையாம் நாள் என்பது சாதிக்குச் சாதி, குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். எங்கள் வீட்டில் பதினாறு. அதன்பிறகும் வருஷம் திரும்பும்வரை காவி கிடையாது, பொங்கலுக்குக் கலர்ப்பொடி கிடையாது, சின்னதாக ஒரு கோலத்தோடு சரி.

ஏன் போடுவதில்லை என்று கேட்டால் தீட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எங்கள் ஆயா இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லும். கோலம் என்பது "வாங்க" என்று கூப்பிடுவது. மகாலட்சுமியைக் கூப்பிடுகிறோம், விருந்தாளியைக் கூப்பிடுகிறோம். துக்கம் நடந்த வீட்டில் யாரையும் கூப்பிடக் கூடாது, வருகிறவர்கள் தானாக வரவேண்டும். எங்கள் பக்கம் துக்க வீட்டில் "வாங்க" என்று வரவேற்பதும் கிடையாது, "போய் வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதும் கிடையாது. வாய் சொல்லாததை வாசலும் சொல்லக் கூடாது. அமாவாசை, திதி நாட்களிலும் இதே கணக்குதான். படையல் போட்டு காக்காய்க்குச் சோறு வைத்து முடியும்வரை பல வீடுகளில் கோலம் போட மாட்டார்கள். கோலம் கெட்டதை உள்ளே விடாமல் தடுக்கும் காவல், செத்துப்போனவர்களையும் அது தடுத்துவிடும் என்று அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்.

இதில் எதை நம்புவது என்பது அவரவர் இஷ்டம். எனக்குப் பிடித்தது இதனால் தெருவில் நடக்கும் காரியம்தான். கோலம் இல்லாத வாசலைப் பார்த்தால் பூக்காரம்மா கூவாமல் கடந்துவிடுவார். பத்திரிகை வைக்க வந்தவர்கள் தட்டை மூடிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். சீட்டுப்பணம் கேட்க வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். உள்ளே இருப்பவர்கள் எழுந்து வந்து ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, இந்தத் தகவல் எடுபட வேண்டுமென்றால் மற்ற நாளெல்லாம் அங்கே கோலம் இருந்திருக்க வேண்டும். அதுவும் அன்றன்று கையால் போட்டதாக இருக்க வேண்டும். தினமும் போட்டால்தான் ஒருநாள் போடாதது தெரியும். பெயிண்ட் கோலத்துக்கு இது முடியவே முடியாது. அது கல்யாணத்தன்றும் அங்கேதான் இருக்கும், கருமாதியன்றும் அங்கேதான் இருக்கும்.

இங்கேதான் மாவு விஷயம் வருகிறது. வாசல் கோலத்துக்கு உலர்ந்த பச்சரிசி மாவைத்தான் பழைய ஆட்கள் வைத்திருந்தார்கள். அதுவும் இடியாப்ப மாவுபோல நைசாக இருந்தால் உதவாது. விரல் ஈரத்தில் கட்டிபிடித்து இழை விட்டுவிட்டு விழும். அரிசியைக் கழுவி நிழலில் நன்றாகக் காயவைத்து, மில்லில் கொஞ்சம் கரகரப்பாக அரைத்து வாங்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தால் மணல்போல ஒரே சீராக இறங்க வேண்டும், அதுதான் பதம். நம் ஊர் கடல் காற்றில் டப்பாவை ஒருநாள் திறந்து வைத்தாலே மாவு நமுத்துப்போகும். வெயிலில் காட்டித்தான் எடுக்க வேண்டும்.

தரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் தெளித்தவுடன் போட்டால் மாவு ஊறி இழை கசிந்து அகலமாகிவிடும், புள்ளியெல்லாம் சொட்டு சொட்டாகப் பரவும். முழுசாகக் காயவிட்டுப் போட்டால் மாவு ஒட்டாது, முதல் பைக் போகும் காற்றிலேயே பறக்கும். தண்ணீர் உள்ளே இறங்கி, தரை கறுத்து, கால் வைத்தால் பாதத்தில் ஈரம் ஒட்டாத நேரம் ஒன்று இருக்கிறது, அப்போது போட வேண்டும். மண் தரையிலும் சாணம் தெளித்த தரையிலும் அந்த நேரம் தாராளமாகக் கிடைக்கும், சிமெண்டில் கொஞ்சம் குறையும். டைல்ஸ் தண்ணீரைக் குடிப்பதே இல்லை, அதனால் அங்கே அந்த நேரம் வருவதே இல்லை. ஜனங்கள் பெயிண்டுக்குப் போனதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், பாதிக் குற்றம் டைல்ஸுடையது.

நாள்பட நிற்கும் கோலம் நம் ஆட்களுக்குத் தெரியாததும் இல்லை. ஊறவைத்த பச்சரிசியை நைசாக அரைத்து, தண்ணீராகக் கரைத்து, துணியை அதில் நனைத்துக் கைக்குள் பிழிந்து மோதிர விரல் வழியாக இழுக்கிற மாக்கோலம் இருக்கிறதே, அது போடும்போது மங்கலாக இருக்கும், காயக் காய வெளுக்கும். மிதிபட்டாலும் ரெண்டு மூன்று நாள் நிற்கும். அதைக் கல்யாணத்துக்கும் பூஜைக்கும் பண்டிகைக்கும் வைத்துக்கொண்டு, தினப்படி வாசலுக்கு மட்டும் சாயங்காலத்துக்குள் கலைந்துபோகிற உலர்மாவை வைத்தார்கள். கெட்டியாகப் போடத் தெரிந்தவர்கள் கலைகிற மாதிரி போட்டிருக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ யோசனை இருந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த மாக்கோலம்கூட ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் இருந்தால் போய்விடும்.

எறும்புக்குத் தீனி என்று எல்லாரும் எழுதுகிறார்களே, அதற்கும் ஒரு வார்த்தை. பச்சரிசி மாவில் போட்டால் உண்மைதான், விடிந்து கொஞ்ச நேரத்தில் இழையோடு இழையாக எறும்பு சாரை பிடிக்கும், குருவியும் அணிலும் வரும். ஆனால் இன்றைக்குக் கடையில் கோலமாவு என்று வருவது பெரும்பாலும் வெள்ளைக்கல்லை அரைத்த பொடி. எந்த எறும்பு அதைத் தின்னும்? கல்பொடியில் போட்டுவிட்டு ஜீவகாருண்யம் பேச வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வையுங்கள். அரிசி மாவென்றால் கஞ்சியாகும், கல்பொடி அடியில் உட்கார்ந்துவிடும். நான் ரெண்டையும் சரிபாதி கலந்துதான் போடுகிறேன். விலைக்காகவும், இழை சீராக இறங்குகிறது என்பதற்காகவும்.

"அப்படியானால் மாதத்தில் மூணு நாள் கோலம் போடக் கூடாது என்பதையும் ஆதரிக்கிறீர்களா" என்று கமெண்டில் யாராவது கேட்பீர்கள். இல்லை. அது ஒரு பெண்ணின் உடம்பு விஷயத்தைத் தெருவுக்குச் சொல்கிற வேலை, தெருவுக்கு அதில் என்ன தேவை? எங்கள் வீட்டில் அந்த வழக்கத்தை அம்மா காலத்திலேயே விட்டாச்சு. புருஷன் செத்தவள் கோலம் போடக் கூடாது என்று ஒதுக்குகிற வீடுகளைப் பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வரும். பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் முதல் கோலத்தை அவளே போட்டால் என்ன கெட்டுவிடும்? துக்கத்துக்குக் கோலத்தை நிறுத்துவது வேறு, ஒரு ஆளையே நிறுத்துவது வேறு. முதலாவதை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கட்சி.

அந்தப் பெரியவர் வீட்டுக்கு மறுபடி வருகிறேன். மறுநாள் மகன் தின்னர் வாங்கி வந்து தேய்த்தார். வெள்ளை போனது, டைல்ஸ் இடுக்கில் இருந்த காவி போகவில்லை. காரியம் முடியும்வரை ஓரத்தில் சிவப்புக் கோடாக அது இருந்தது, மேலே சாக்கை விரித்து நாலு பக்கமும் செங்கல் வைத்திருந்தார்கள்.

என் தம்பி இப்போது கூத்தப்பாக்கத்தில் வீடு கட்டுகிறான். வாசல்படி கிரானைட்டில் கோலத்தைச் செதுக்கியே கொடுக்கிறார்களாம், போட்டோ அனுப்பி "எது நல்லாயிருக்கு அக்கா" என்று கேட்டிருக்கிறான். ஆசைப்பட்டால் பூஜை அறைச் சுவரில் செதுக்கிக்கொள், படியைச் சும்மா விடு, படிக்கு முன்னால் ஒரு மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டாமல் சொரசொரப்பாகச் சிமெண்டே பூசச் சொல் என்று பதில் போட்டேன். அவன் பொண்டாட்டிக்கு இது பிடிக்கவில்லை போலிருக்கிறது, இன்னும் பதில் வரவில்லை. மேஸ்திரி வெள்ளிக்கிழமை வருகிறாராம்.