இளைப்பு நோய்க்கு ஜிம் பவுடர் கொடுக்கலாமா?

மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஆபீசில் பல வருஷம் புகைக்குள் வேலை பார்த்த ஒரு அம்மாவுக்கு சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் இளைப்பு நோய். ஜிம்முக்குப் போகும் பேரன் தசைப் பலத்துக்குக் குடிக்கும் கிரியேட்டின் பவுடர் டப்பாவோடு வந்தான். "பாட்டி எலும்பும் தோலுமா ஆயிட்டு, இதக் குடிச்சா நடக்கும்லா?" என்று கேட்டான். பிசியோதெரபிஸ்ட்டாக இதை நான் அடிக்கடி கேட்கிறேன்.

அவன் ஆசையில் நியாயம் இருக்கிறது. இந்த நோயில் நுரையீரலோடு தொடைச் சதையும் கரைகிறது. 2005-இல் பிரிட்டனில் 38 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கிரியேட்டின் குடித்தவர்களுக்குச் சதை எடையும் தசை பலமும் கூடின. ஆனால் நடக்கும் திறன் கூடவில்லை. 2008-இல் அங்கேயே 100 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். கிரியேட்டின் தசைக்குள் போய்ச் சேர்ந்தது உறுதியானது. அப்போதும் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, பயிற்சியோடு கிரியேட்டினும் குடித்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை.

காரணம் எனக்கு விளங்குகிறது. கிரியேட்டின் உதவுவது சில நொடி வேகத்துக்கு: நாற்காலியை விட்டு எழும்ப, தண்ணிக்குடத்தைத் தூக்க. சந்தை வரை நடக்கும்போது இவர்களைப் பெரும்பாலும் நிறுத்துவது மூச்சு. உள்ளே போன காற்று முழுசாக வெளியே வருமுன் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. நெஞ்சு ஊதிப்போய்ப் புதுக் காற்றுக்கு இடமில்லை. அதைப் பவுடர் தொடாது.

அந்த அம்மா வீட்டார் சொல்லைக் கேட்டுக் குடித்தார். இரண்டு வாரத்தில் எடை ஒன்றரைக் கிலோ ஏறியது. "சதை பிடிச்சிருக்கு" என்று வீட்டில் சந்தோஷம். நான் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன், குழி அப்படியே நின்றது. அது நீர். கிரியேட்டின் தசைக்குள்ளும் நீரைச் சேர்க்கும். ஆனால் கால் இப்படிக் குழிந்தால் இதயத்தின் வலப்பக்கம் தளர்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். டாக்டரிடம் அனுப்பினேன், பவுடரை நிறுத்தச் சொன்னார். ஆறு நிமிட நடையில் முன்பு 270 மீட்டர், இப்போது 280. சுமார் 30 மீட்டராவது கூடினால்தான் அதை முன்னேற்றம் என்போம்.

இன்னொரு குழப்பம் ரத்தப் பரிசோதனையில் வரும். கிரியேட்டின் குடித்தால், சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு கொஞ்சம் ஏறிக் காட்டும், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும். டாக்டரிடம் டப்பாவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீரக நோயோ கால் வீக்கமோ இருந்தால் அவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கிரியேட்டினோடு கோ-என்சைம் க்யூ10 என்ற இன்னொரு சத்துப் பொருளையும் சேர்த்துக் கொடுத்த ஒரு இத்தாலிய ஆய்வில் நடை கூடியதே என்பார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது?

பேரனிடம் நான் கேட்டது வேறு. வாரத்துக்கு மூன்று நாள் பாட்டியைப் பயிற்சிக்குக் கூட்டி வா. மற்ற நாளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழும்ப வை. உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடு. மதியம் சாளைக் கறி தாராளமாக வை. மீனிலும் கிரியேட்டின் இருக்கிறது, கூடவே புரதமும்.