திடீர் இரட்டைப் பார்வை: பத்து நாள் பயிற்சியில் சரியாகுமா?

“பெரியவர்களுக்குத் திடீரென்று மாறுகண் வந்து எல்லாம் இரண்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கண் பயிற்சி செய்தால் 10 நாளில் சரியாகும். டாக்டரிடம் போனால் உடனே ஆபரேஷன் செய்துவிடுவார்கள்.”

இப்படி ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு. திடீர் இரட்டைப் பார்வைக்கு அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். இமை தொங்கினாலோ, கண் பாப்பா விரிந்திருந்தாலோ, கடும் தலைவலி, வாய் குழறல் இருந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூளை ரத்தக்குழாய் வீக்கமாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம்.

என் பெரியப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. ஒரு காலையில் தூரத்தில் வந்த பஸ் இரண்டாகத் தெரிந்தது, வலப்பக்கம் திரும்பினால் இன்னும் விலகியது. ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்றாகிவிட்டது. வலது கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாவது நரம்புக்கு ரத்த ஓட்டம் குறைந்ததுதான் காரணம். பயிற்சியால் அந்த நரம்பு தேறாது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினார்கள். பழைய கண்ணாடியிலேயே மெல்லிய பிரிசம் தாளை ஒட்டினார்கள். அது ஒளியை வளைத்து இரு பிம்பங்களையும் சேர்க்கும், கண்ணை நேராக்காது. நரம்பு தேறத் தேறப் பவரைக் குறைத்து, நான்காம் மாதம் எடுத்துவிட்டார்கள்.

இந்த வகை பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் தானே தேறும். அதனால்தான் தசை ஆபரேஷனுக்கு யாரும் அவசரப்படுவதில்லை. ஆறு மாதம் கடந்தும் கோணல் மாறாமல் நின்று, பிரிசத்துக்கும் அடங்காவிட்டால்தான் அந்தப் பேச்சு வரும். அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியின் aao.org தளத்தில் இதைச் சரிபார்க்கலாம்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.