எட்டு மணி நேரம் என்று எழுதாதவர் யார்?
“பணியாளரே நிரப்பும் நேரப் பதிவேட்டில் எல்லோரும் எட்டு மணி நேரம் என்றே எழுதுவார்கள்” என்கிறது, அதற்குப் பதிலாகத் திரைக் கண்காணிப்பு மென்பொருளைப் பரிந்துரைக்கும் ஒரு கட்டுரை. ஐந்து நாளுக்கும் ஒரே எண்ணை எழுதுவது பெரும்பாலும் பொய் சொல்லும் எண்ணத்தால் அல்ல. வார இறுதியில் நினைவிலிருந்து நிரப்புவதாலும், குறைத்து எழுதினால் விளக்கம் கேட்பார்கள் என்ற அச்சத்தாலும்தான். வீட்டிலிருந்து பணிபுரியும் எங்கள் ஆறு பேர் குழுவிலும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. பிறகு, அனைவரும் இணைப்பில் இருக்க வேண்டிய பொது நேரம் நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே, மற்ற நேரம் அவரவர் வசதிப்படி என்றும், பதிவை அன்றன்றே அரை மணி நேரக் கணக்கில் எழுதி, காத்திருந்த நேரத்தைத் தனி வரியில் காட்ட வேண்டும் என்றும் முடிவு செய்தோம். குழுத்தலைவர் முதலில் தம் பதிவையே எல்லோரும் பார்க்க வைத்தார். அதில் ஒரு நாள் ஐந்தரை மணி நேரம் என்றிருந்தது, அதன் பிறகே மற்றவர்களுக்கும் துணிவு வந்தது. அடுத்த வாரம் என் சக பணியாளர் ஒருவர் ஆறரை மணி நேரம் எழுதி, அதில் இரண்டு மணி நேரம் ஒப்புதலுக்காகக் காத்திருந்ததாகக் குறித்திருந்தார். பார்த்தால், ஒப்புதல் கோரிக்கைகள் பொது நேரம் முடியும் தறுவாயில்தான் போய்க்கொண்டிருந்தன; ஒப்புதல் தருபவருக்கு அப்போது இரவாகிவிடும். கோரிக்கைகளைப் பொது நேரத்தின் முதல் அரை மணிக்குள் அனுப்பத் தொடங்கியதும் அந்தத் தனி வரி ஏறக்குறைய காலியானது. கட்டுரையாளர் பரிந்துரைக்கும் திரைக் கண்காணிப்பு மென்பொருள் அந்த இரண்டு மணி நேரத்தைச் சோம்பலாகவே கணக்கிட்டிருக்கும்.